ரவுண்ட் கழுத்தை போட் நெக், வி நெக் ஆக்கும்போது ஷோல்டரைத் தொடாமல் மாற்றுவது எப்படி: அடிக்கடி வரும் கேள்விகள்

அளவு பிளவுஸ் ரவுண்ட் கழுத்தாக இருக்கும், அடுத்ததை போட் நெக்காகவோ வி நெக்காகவோ தைக்க ஆசை வரும். கழுத்தை மாற்றப் போய் ஷோல்டர் கெடும். ஷோல்டர் கெட்டால் கையும் கெடும். தையல் கற்றுக்கொள்ள வந்தவர்களும் அக்கம்பக்கத்தினரும் என்னிடம் மறுபடி மறுபடி கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம்தான்: மார்பு 36, முழு ஷோல்டர் 14 இன்ச், ரவுண்ட் கழுத்து பாதி அகலம் 3, முன் இறக்கம் 6. உங்கள் அளவு வேறாக இருக்கும், முறை மாறாது.

காறை எலும்புப் பக்கம் கை வைக்கக் கூடாதுன்னு சொல்றீங்களே, அப்படின்னா பேப்பர்ல எந்தக் கோட்டைத் தொடக் கூடாது?

மூன்றைத் தொடக் கூடாது: ஷோல்டரின் சரிவு, ஷோல்டர் முடியும் புள்ளி, அங்கிருந்து கீழே இறங்கும் ஆர்ம்ஹோல் வளைவு. காறை எலும்பு கழுத்துக் குழியில் தொடங்கித் தோள் முனை வரை போகிறது. பிளவுஸின் எடை அந்தப் பக்கத்தில்தான் தொங்குகிறது. அளவு பிளவுஸ் உடம்பில் நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்றால் இந்த மூன்றும் சரியாக இருக்கின்றன என்று பொருள்.

மாற்ற வேண்டியது அதற்கு உள்ளே இருக்கும் கழுத்து வளைவு மட்டுமே. அதனால் முதல் வேலையாக, பேட்டர்னை வேறொரு பேப்பரில் அப்படியே நகல் எடுத்து, இந்த மூன்று கோட்டையும் சிவப்புப் பேனாவால் வரைந்துவிடுங்கள். புதுக் கழுத்தைப் பென்சிலில் போடுங்கள். பென்சில் கோடு சிவப்புக் கோட்டின் மேல் நகரலாம், சிவப்புக் கோடு நகரக் கூடாது.

போட் நெக்குக்கு எவ்வளவு அகலம் எடுக்கணும்?

ஷோல்டரில் எவ்வளவு துணி மிச்சம் வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். உள்ளாடைப் பட்டி மறைய 2 இன்ச்சாவது வேண்டும், நான் 2½ வைப்பேன். பாதி ஷோல்டர் 7. அதில் 2½ போனால் 4½. ஆக, கழுத்தும் ஷோல்டரும் சேரும் கழுத்துப் புள்ளி 3 இன்ச்சிலிருந்து 4½ இன்ச்சுக்கு, அதாவது ஒன்றரை இன்ச் வெளியே போகிறது.

ஒரு எச்சரிக்கை. முதுகு ரொம்ப இறக்கிய ரவுண்ட் கழுத்து பிளவுஸ்களில், தோள் நழுவாமல் இருக்க டெய்லர்கள் ஷோல்டரை அரை இன்ச், ஒரு இன்ச் குறைத்து வெட்டியிருப்பார்கள். அந்த பிளவுஸை அளவாக வைத்து போட் நெக் போட்டால் கை தோளுக்கு மேலே ஏறி இழுக்கும். உடம்பில் டேப் வைத்து முழு ஷோல்டரை ஒருமுறை அளந்து, அளவு பிளவுஸோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் முதுகு உயரமான, குறைக்காத பிளவுஸ் ஒன்றை அளவாக எடுத்துக்கொள்வதே நல்லது.

இறக்கத்தை எங்கிருந்து அளக்கிறது? நான் 2¾ வச்சேன், போட்டுப் பார்த்தா ரவுண்ட் கழுத்து மாதிரியே இறங்கிக் கிடக்கு.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன், அதுவும் பட்டுத் துணியில். ஷோல்டர் சரிவானது. நம் உதாரணத்தில் கழுத்துப் புள்ளி முதல் தோள் முனை வரை 4 இன்ச் தூரத்தில் ஒரு இன்ச் கீழே சரிகிறது. அப்படியானால் கழுத்துப் புள்ளியை ஒன்றரை இன்ச் வெளியே நகர்த்தும்போது அது முக்காலில் பாதி, அதாவது ⅜ இன்ச், தானாகவே கீழே வந்துவிடும். அந்தப் புதுப் புள்ளியிலிருந்து 2¾ அளந்தால் நடுவில் இறக்கம் 3⅛ ஆகிவிடுகிறது. கழுத்துக் குழியை ஒட்டி நிற்க வேண்டிய கோடு அதற்குக் கீழே போய்விடும்.

அதனால் பழைய கழுத்துப் புள்ளியிலிருந்து குறுக்கே ஒரு நேர்கோடு போட்டுவிட்டு, எல்லா இறக்கத்தையும் அந்த மேல்கோட்டிலிருந்தே அளங்கள். புதுக் கழுத்துப் புள்ளியைச் சிவப்பு ஷோல்டர் கோட்டின் மேலேயே வையுங்கள். மேல்கோட்டில் 4½ அளந்து, நேரே கீழே இறங்கி, ஷோல்டர் கோட்டைத் தொடும் இடம்தான் அது. மேல்கோட்டிலேயே புள்ளியை வைத்து அங்கிருந்து தோள் முனைக்குப் புதுக்கோடு இழுத்தால் சரிவே மாறிவிடும். தைத்த பிறகு கழுத்தோரம் துணி கூடாரம் மாதிரி தூக்கி நிற்கும்.

இறக்கம் எவ்வளவு என்பதற்கு நூல் சோதனை உண்டு. கண்ணாடி முன் நின்று, ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு ஒரு நூலைக் காறை எலும்பை ஒட்டித் தளர்வாகப் பிடியுங்கள். நூல் நடுவில் எங்கே நிற்க வேண்டும் என்று மனசுக்குப் படுகிறதோ அந்த இடத்தை, கழுத்தோரம் ஷோல்டர் உச்சியின் மட்டத்திலிருந்து அளங்கள். இந்த உதாரணத்தில் அது 2¾.

வி நெக்குக்கும் ஷோல்டர் பக்கம் அகலம் கூட்டணுமா?

வேண்டாம். கழுத்துப் புள்ளி 3 இன்ச்சிலேயே இருக்கட்டும். இறக்கத்தை மட்டும் 6-க்குப் பதில் 7 வைத்து, இரண்டு புள்ளியையும் ஸ்கேலால் சேருங்கள். ஒரு இன்ச் கூடினாலும் ரவுண்டை விட அதிகம் தெரியாது. வி கீழே போகப் போக ஒடுங்குவதால் பக்கவாட்டில் மூடித்தான் இருக்கும். ஷோல்டரைத் தொடவே வேண்டாத மாற்றம் இது. துணியை வெட்டுவதற்கு முன்பு என்றால் போட் நெக்கை விட எளிது.

புடவைக்கு என்றால் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். முந்தானை இடது தோளில் போவதால் வி-யின் பாதிதான் வெளியே தெரியும். அழகாக வி தைத்துவிட்டு, புடவை கட்டியதும் காணோமே என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. போட் நெக்கில் வலது தோள் பக்கக் கோடு எப்போதும் தெரியும்.

முன் கழுத்தை மட்டும் மாத்தினா போதும்தானே? பின்னாடி பழையபடி ரவுண்டே இருக்கட்டும்.

வி என்றால் போதும், ஏனென்றால் அகலம் மாறவில்லை. போட் நெக்கில் போதாது. முன்பாகத்தின் ஷோல்டர் 2½ இன்ச், பின்பாகத்தின் ஷோல்டர் 4 இன்ச் என்று இருந்தால் இரண்டையும் சேர்த்துத் தைக்க முடியாது. பின் கழுத்துப் புள்ளியையும் அதே ஒன்றரை இன்ச், அதே முறையில் நகர்த்துங்கள்.

பின் இறக்கம் வேறு விஷயம். அகலமான கழுத்தோடு முதுகும் 8, 9 இன்ச் இறங்கினால் தோளில் இருக்கும் 2½ இன்ச் பட்டியைப் பிடித்துக்கொள்ள ஆளே இல்லை. கையை அசைக்கும்போதெல்லாம் நழுவும். போட் நெக்குக்கு நான் பின்னால் 2 இன்ச்தான் இறக்குவேன். முதுகு இறங்கியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு மேலே குறுக்கே ஒரு நாடா வைத்துத் தருவேன். முடிச்சு அழகுக்கு என்று நினைக்காதீர்கள், ஷோல்டரைப் பிடித்து வைப்பதே அந்த நாடாதான்.

கோட்டு மேலேயே வெட்டலாமா, தையலுக்கு விடணுமா?

விளிம்பை எப்படி முடிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கழுத்துப் பட்டி வைத்து உள்ளே திருப்புவதென்றால் கோட்டுக்குக் கழுத்துப் பக்கமாகக் கால் இன்ச் விட்டு வெட்ட வேண்டும். விளிம்பைத் துணி சுற்றி மூடும் பைப்பிங் என்றால் கோட்டின் மேலேயே வெட்டலாம். இதைக் குழப்பிக்கொண்டால் போட் நெக் கால் இன்ச் கீழே போகும், அல்லது கழுத்தைக் குத்திக்கொண்டு மேலே நிற்கும்.

போட் நெக் தைச்சதும் காறை எலும்புக்குக் கீழே துணி தூக்கிட்டு நிக்குது. இழுத்துத் தைச்சா சரியாகுமா?

ஆகாது, சுருக்கம் விழும். காறை எலும்புக்குக் கீழே உடம்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒல்லியானவர்களுக்கு அது ஆழமாகத் தெரியும். ரவுண்ட் கழுத்தில் அந்த இடத்துத் துணியில் பாதி வெட்டிப் போய்விடுவதால் பிரச்சினை வெளியே வராது. போட் நெக்கில் துணி எலும்பின் மேலிருந்து மார்பின் மேட்டுக்குப் பாலம் போட்டு நிற்கிறது. அடியில் காற்றுதான்.

பழைய மல் துணியில் முன்பாகத்தை மட்டும் வெட்டி, பின்பாகத்தோடு ஊசி குத்திப் போட்டுப் பாருங்கள். கழுத்து விளிம்பில் நடுவுக்கும் ஷோல்டருக்கும் இடையே தூக்கி நிற்கும் துணியை விரலால் கிள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குக் கால் இன்ச் வரும். கிள்ளிய இடத்தில் குறி வைத்து, பேட்டர்னில் அந்தக் குறியிலிருந்து மார்பின் உச்சிப் புள்ளி வரை ஒரு கோடு போடுங்கள். உச்சிப் புள்ளியிலிருந்து கீழ் டாட் மடிப்பின் ஒரு காலோரமாக இன்னொரு கோடு. இரண்டையும் கத்தரித்து, உச்சியில் மட்டும் நூலிழை அளவு ஒட்டிக்கொண்டிருக்க விடுங்கள். இப்போது கழுத்து விளிம்பில் கால் இன்ச் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும்படி மூடினால் கீழ் டாட் அதற்கேற்ப அகலமாகத் திறக்கும். கழுத்தில் வேண்டாமலிருந்த துணி டாட்டுக்குள் போய்விட்டது. கழுத்துக்கோடு சற்று உடைந்தாற்போல் இருக்கும், மெதுவான வளைவாகச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இந்த முறையை நான் விடாமல் சொல்லிக்கொடுக்கக் காரணம், கத்தரித்த கோடு கழுத்தில் தொடங்குகிறது, ஷோல்டரில் இல்லை. ஷோல்டரும் ஆர்ம்ஹோலும் ஒரே துண்டில் சேர்ந்தே இருக்கின்றன. சிலர் ஷோல்டர் தையலைப் பிரித்து, கழுத்துப் பக்கம் கால் இன்ச் கூடுதலாகப் பிடித்துத் தைப்பார்கள். பார்வைக்குச் சரியாகும், ஆனால் சரிவு மாறிப் போய்விடும். சிவப்புக் கோட்டைத் தொட்ட கணக்குதான்.

வி நெக் அலை அலையா தொங்குது. பேட்டர்ன் தப்பா?

பெரும்பாலும் பேட்டர்ன் தப்பில்லை. வி-யின் இரண்டு பக்கமும் துணியின் கிராஸில், அதாவது இழைகளுக்குச் சாய்வாக, விழுகின்றன. கிராஸ் ரப்பர் மாதிரி நீளும். வெட்டும்போது, மெஷினில் தள்ளும்போது, அயர்ன் பாக்ஸ் இழுக்கும்போது என ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீண்டுவிடும். சந்தேகமென்றால் வெட்டிய துணியைப் பேப்பர் மேல் வைத்து அளங்கள். 3 அகலம், 7 இறக்கம் உள்ள வி-யின் ஒரு பக்கம் சுமார் 7⅝ இன்ச் இருக்க வேண்டும். துணியில் 8 காட்டினால் நீண்டுவிட்டது.

தடுக்க, லைனிங் துணியின் ஓரக்கரைப் பக்கத்திலிருந்து அரை இன்ச் அகலத்தில் நேர்வாட்டமாக ஒரு பட்டி கிழித்துக்கொள்ளுங்கள். அதைப் பேப்பர் அளவை விட அரைக்கால் இன்ச் குறைவாக வெட்டி, கழுத்து விளிம்பின் உட்பக்கம் வைத்து, துணியை அதற்குள் அடக்கித் தையுங்கள். வெட்டியவுடனே, வேறெதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். நேர்வாட்டத் துணி நீளாது, அதனால் கழுத்தும் நீளாது. போட் நெக்கின் நடுப்பகுதி கிட்டத்தட்ட நேர்வாட்டத்துக்குக் குறுக்கே ஓடுவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

வி முனையில சுருக்கம் வராம எப்படி திருப்புறது?

முனைக்கு ஒரு இன்ச் முன்பே தையலைப் பொடியாக்குங்கள். முனையில் ஊசியைத் துணிக்குள்ளேயே நிறுத்தி, மெஷின் காலைத் தூக்கி, குறுக்கே ஒரே ஒரு தையல் போட்டுவிட்டு மறுபக்கம் ஏறுங்கள். அந்த ஒரு தையல் இல்லாமல் கூராகத் திரும்பினால் திருப்பும்போது துணிக்கு இடம் இல்லாமல் மடங்கும்.

பிறகு முனை வரை கத்தரியால் கட் கொடுங்கள். தையலுக்கு இரண்டு நூலிழை தூரத்தில் நிறுத்தினால் போதும். பயந்துபோய்ப் பாதியில் நிறுத்தினால் சுருக்கம் நிச்சயம். வெட்டுவதற்கு முன் முனையின் உட்பக்கம் ஒரு சிறு துண்டு கேன்வாஸ் ஒட்டியிருந்தால் நூல் பிரியாது.

முன்பக்கம் கொக்கி வைக்கிற பிளவுஸ். வி முனை நடுவுல வராம ஒரு பக்கமா போகுது.

பட்டியின் ஓரத்தை நடு என்று எடுத்திருப்பீர்கள். கொக்கி மாட்டும்போது ஒரு பக்கப் பட்டி மறுபக்கத்துக்குக் கீழே போகிறது. உடம்பின் நடு, கொக்கி மாட்டிய பிறகு மேலே தெரியும் பட்டியின் ஓரம். கீழே போகும் பட்டியில் அந்த நடுக்கோடு ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும். இரண்டு பாகத்திலும் நடுக்கோட்டைச் சாக்பீஸால் வரைந்து, 7 இன்ச் குறியை அதன் மேல் வையுங்கள். முதல் கொக்கி முனைக்கு ஒட்டியே வர வேண்டும். கீழே தள்ளினால் முனை வாய் பிளக்கும்.

போட் நெக்குக்கும் முன் கொக்கியே வைக்கலாமா? தலை வழியா போட்டுக்கலாமா?

முன் கொக்கி வைக்க முடியும், ஆனால் கழுத்துக் குழி வரை கொக்கி வரிசை ஏறி, ஒரு நேர்கோடாகத் தெரிய வேண்டிய கழுத்தை நடுவில் இரண்டாக உடைக்கும். பின் கொக்கிதான் சரி. தலை வழியாகப் போடுவது நடக்காது. கழுத்துக்குள் தலை புகுந்தாலும், உடம்பைப் பிடித்து நிற்கும் அடிச்சுற்று தோளையும் மார்பையும் தாண்டி இறங்காது.

ஏற்கனவே தைச்சு முடிச்ச ரவுண்ட் கழுத்தை வி ஆக்க முடியுமா? இன்னும் கொஞ்சம் கீழே வெட்டினா போதும்ல?

இதில்தான் நிறையப் பேர் நல்ல பிளவுஸைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ரவுண்ட் கழுத்து ஷோல்டரிலிருந்து கிட்டத்தட்ட நேரே கீழே இறங்கி, பிறகுதான் உள்ளே வளைகிறது. வி-யோ முதல் நூலிழையிலிருந்தே உள்ளே வருகிறது. வி-க்கு வேண்டிய பக்கவாட்டுத் துணியை ரவுண்ட் ஏற்கனவே வெட்டி எடுத்துவிட்டது. உதாரணமாக 3 இன்ச் கீழே ரவுண்டின் பாதி அகலம் சுமார் 2⅝. அதே கழுத்துப் புள்ளியிலிருந்து 9 இன்ச் இறக்கத்துக்கு வி போட்டால்கூட அந்த இடத்தில் 2 இன்ச்தான் வர வேண்டும். இல்லாத துணியை எப்படி வெட்டுவது? பேப்பரில் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்தால் கண்ணுக்கே தெரியும்.

வி கோடு முழுக்க ரவுண்டுக்கு வெளியே விழ வேண்டுமென்றால் கழுத்துப் புள்ளியை ஒரு இன்ச்சுக்குமேல் வெளியே தள்ளி, இறக்கத்தையும் 9 வரை கொண்டுபோக வேண்டியிருக்கும். அது ஷோல்டரைத் தின்னும். ஷோல்டரைத் தொடாமல் கிடைப்பது ஒன்றுதான்: மேலே ரவுண்டை அப்படியே விட்டு, வளைவு உள்ளே திரும்பும் இடத்திலிருந்து 7½ இன்ச்சில் ஒரு கூர்முனைக்குக் கோடு இழுப்பது. வெற்றிலை நுனி மாதிரி வரும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதை வி என்று சொல்லி வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அப்போ தைச்ச ரவுண்டை போட் நெக் ஆக்கவே முடியாதா?

துண்டு வைத்தால் முடியும். பின் கொக்கி பிளவுஸாக இருக்க வேண்டும். ஷோல்டரில் 3 முதல் 4½ வரை கூடுதலாக இருக்கும் துணியை, பட்டியைப் பிரித்துவிட்டு, போட் கோட்டின்படி முன்னும் பின்னும் வெட்டுகிறீர்கள். அந்தக் கோடு பழைய ரவுண்டை ஏறக்குறைய 2¼ இன்ச் கீழே சந்திக்கும். அங்கிருந்து அடிவரை இருக்கும் வெற்றிடத்துக்கு ஒரு கிண்ண வடிவத் துண்டு தேவை: மேலே சுமார் 5½ இன்ச் அகலம், நடுவில் 3¼ இன்ச் உயரம். தைக்க நாலா பக்கமும் அரை இன்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். துண்டு ஷோல்டரைத் தொடுவதே இல்லை என்பதால் ஷோல்டர் தையலைப் பிரிக்க வேண்டியதில்லை. பின்பக்கம் பழைய இறக்கம் 2 இன்ச்சுக்கு மேல் என்றால் அங்கே துண்டு வைக்க முடியாது, கொக்கி நடுவில் வருகிறது. மேலே நாடாதான் வழி.

அதே நிறத்தில் துண்டு வைத்து ஒட்டு தெரியாமல் பார்க்கலாம் என்று முயலாதீர்கள். துவைத்த துணியும் புதுத் துணியும் ஒரே நிறமாக இருக்காது. நெட்டோ, புடவை பார்டர் நிறமோ வைத்து, பழைய ரவுண்ட் கோட்டின் மேல் பைப்பிங் ஓட்டுங்கள். முன் கொக்கி பிளவுஸில் இதே துண்டை ஒரு பக்கம் மட்டும் தைத்து, மறுபக்கம் பொடிக் கொக்கி நாலு வைத்து மாட்டிக்கொள்ளலாம். நான் ஒருமுறை அப்படித் தைத்துக் கொடுத்தேன். அந்த அம்மா இரண்டாவது முறை கட்டியபோதே பாதிக் கொக்கியை மாட்டாமல் சேஃப்டி பின் குத்திக்கொண்டு வந்தார்.